ஒரே செக் நம்பர், மூன்று வரி

என் தங்கை சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வாங்கி, மதுரை, திருச்சிக் கடைகளுக்குப் போடுகிறாள். கணக்கில் கெட்டிக்காரி. எந்தக் கடை எத்தனை சேலைக்குப் பாக்கி என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வாள். ஆனால் பேங்க் ஸ்டேட்மென்ட் என்றால் மட்டும் கடைசிப் பேலன்ஸைப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுவாள். 2024 ஆகஸ்டில் ஒரு நாள் ராத்திரி போன் செய்தாள்.

“அக்கா, அஞ்சாம் தேதி கணக்குல இருபத்திரெண்டாயிரம் இருந்துச்சு. வண்டி லோன் டியூ வெறும் அஞ்சாயிரத்தி எண்ணூறு. பணம் இல்லைன்னு திருப்பி அனுப்பி, அதுக்கு அபராதமும் போட்டிருக்காங்க. இது என்ன நியாயம்?”

இருபத்திரண்டு வருஷம் ஒரு வங்கியில் வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக்கு மேல் கிளியரிங் சீட்டில்தான். அவள் குரலைக் கேட்டதுமே பாதி புரிந்துவிட்டது. “ஸ்டேட்மென்ட்டை அனுப்புடி” என்றேன். வந்தது இது. கம்பெனிப் பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன். கடைசி வரி பிறகு வந்து சேர்ந்தது.

```
01-08 B/F                               6,240
05-08 SI RD INST            2,000 Dr    4,240
05-08 BY CLG 004512        18,500 Cr   22,740
06-08 CHQ RTN 004512       18,500 Dr    4,240
06-08 CHQ RTN CHG             118 Dr    4,122
06-08 ACH RTN CHG 050824      295 Dr    3,827
08-08 BY CASH               3,000 Cr    6,827
09-08 ACH D                 5,800 Dr    1,027
12-08 BY CLG 004512        18,500 Cr   19,527
```

இந்த எழுத்துகள் எல்லா வங்கியிலும் ஒரே மாதிரி இருக்காது. ஒருவர் `CLG` என்பார், இன்னொருவர் `CTS` என்பார், மூன்றாமவர் `CLEARING` என்று முழுசாகவே எழுதிவிடுவார். அதனால் குறியீட்டைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். நான் தங்கைக்குச் சொன்ன வரிசை இதுதான். முதலில் பணம் பற்றா வரவா என்று பார். அடுத்து வரியில் இருக்கும் நம்பரைப் பார். எழுத்துகளைக் கடைசியாகப் படி. அதே நம்பர் மேலேயோ கீழேயோ இன்னொரு வரியில் இருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கிளியரிங் வரிகள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வரும்.

`BY`, `TO` என்ற இரண்டு சொல்லைப் பார்த்துப் பலரும் குழம்புவார்கள். ‘டு’ என்றால் எனக்கு வந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். நேர்மாறு. பழைய பேரேட்டு வழக்கப்படி பற்றுப் பக்கம் ‘டு’, வரவுப் பக்கம் ‘பை’ என்று எழுதுவது. பேரேடு போய்க் கம்ப்யூட்டர் வந்தபிறகும் அந்த இரண்டு சொல் மட்டும் போகவில்லை. `BY CLG` என்றால் நாம் போட்ட செக் மூலம் வந்த பணம். `TO CLG` என்றால் நாம் கொடுத்த செக்கை இன்னொருவர் அவருடைய வங்கியில் போட்டு, நம் கணக்கிலிருந்து போன பணம்.

இப்போது தங்கையின் கதைக்கு வருவோம். மதுரைக் கடைக்காரர் ஒருவர் சேலைக்கு 18,500 ரூபாய்க்குச் செக் கொடுத்தார். 004512 என்பது அந்தச் செக்கின் அடியில் இருக்கும் ஆறு இலக்க எண். ஆகஸ்ட் 3, சனிக்கிழமை மத்தியானம் வங்கி வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டாள். திங்கட்கிழமைதான் அது கிளியரிங்குக்குப் போனது. காகிதம் எங்கும் போகவில்லை. ஸ்கேன் செய்த படம்தான் கடைக்காரரின் வங்கிக்குப் போகும். அன்றைக்கே இவள் கணக்கில் `BY CLG` என்று 18,500 ஏறிவிட்டது. அந்த வரிதான் இவளை ஏமாற்றியது.

ஏறியது பணம் இல்லை, எழுத்து. ‘இந்தச் செக்கை வசூலுக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்பதற்கான பதிவு. கடைக்காரரின் வங்கி சரி என்று சொல்லும்வரை அதை எடுக்க முடியாது. ஸ்டேட்மென்ட்டில் ஓடும் பேலன்ஸ் இதையும் சேர்த்துக் காட்டும். எடுக்கக்கூடிய பணம் எவ்வளவு என்பது வேறு எண். மொபைல் ஆப்பில் ‘அவைலபிள் பேலன்ஸ்’ என்று தனியாக இருக்குமே, அது. 5ஆம் தேதி இவள் கணக்கில் எழுத்துப்படி 22,740. கைக்கு எட்டுவது 4,240. வண்டி லோன்காரர் கேட்டது 5,800. திரும்பிவிட்டது.

“அப்ப காலைல 6,240 இருந்துச்சே அக்கா? அதுவே போதுமே!”

நல்ல கேள்வி. விடை இரண்டாவது வரியில் இருக்கிறது. `SI` என்பது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன். ‘மாதாமாதம் 5ஆம் தேதி என் கணக்கிலிருந்து 2,000 எடுத்து என் ஆர்.டி.யில் போடு’ என்று இவளே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உத்தரவு. மூன்று வருஷத்துக்கு முன்னால் கொடுத்தது, மறந்தே போய்விட்டாள். அன்றைக்கு அந்த உத்தரவு முதலில் ஓடி 2,000 ரூபாயை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு லோன் டியூ வந்து நின்றபோது 1,560 ரூபாய் குறைந்தது. ஆர்.டி. மட்டும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் டியூ போயிருக்கும், மிச்சம் 440 ரூபாயும் இருந்திருக்கும்.

`SI`-யும் `ACH D`-யும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டுமே மாதாமாதம் தானாகப் பிடிப்பவை. ஆனால் கயிறு யார் கையில் என்பதில்தான் வித்தியாசம். `SI` நாம் நம் வங்கிக்குக் கொடுத்த உத்தரவு. தேதி மாற்ற, தொகை மாற்ற, நிறுத்த நம் வங்கியில் சொன்னால் போதும். `ACH D` அப்படி இல்லை. லோன் எடுத்த அன்று கத்தையாக நீட்டிய காகிதங்களில் ஒன்று மேண்டேட். ‘என் கணக்கிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்’ என்று லோன் கம்பெனிக்கு நாம் கொடுத்த சம்மதம் அது. கம்பெனி கேட்கும், நாச் என்ற அமைப்பு வழியாக அந்தக் கோரிக்கை நம் வங்கிக்கு வரும், பணம் இருந்தால் போகும். கடைசியில் இருக்கும் `D` டெபிட். `C` என்று வந்தால் கிரெடிட். ஷேர் டிவிடெண்ட் மாதிரி வரவு அந்த வழியில் வரும். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் ஞாயிறு, பண்டிகை நாள்களிலும் ஓடுகிறது. ‘5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமைதானே பிடிப்பார்கள்’ என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது.

லோன் முடிந்ததும் மேண்டேட்டும் தானாக முடிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். முன்கூட்டியே அடைத்து முடித்த லோனுக்கு அடுத்த மாதமும் `ACH D` வந்து நின்றதை நான் சீட்டில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். லோன் முடிந்த கடிதம் வாங்கும்போதே மேண்டேட்டை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மேண்டேட்டுக்கு யூ.எம்.ஆர்.என். என்று 20 எழுத்து எண் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் நம் வங்கியிலும் நிறுத்தலாம்.

கவனித்தீர்களா, 5ஆம் தேதி திரும்பிப் போன அந்த 5,800 ஸ்டேட்மென்ட்டில் எங்குமே இல்லை. பணம் நகரவே இல்லை, அதனால் வரியும் இல்லை. சில வங்கிகளில் ஒரு பற்று, உடனே அதே தொகைக்கு ஒரு வரவு என்று இரண்டு வரி வரும். பெரும்பாலும் அதுகூட இருக்காது. தடயம் என்று பார்த்தால் மறுநாள் வந்த `ACH RTN CHG 050824` ஒன்றுதான். அந்த ஆறு இலக்கம் எந்தத் தேதிக் கோரிக்கை திரும்பியது என்று சொல்கிறது. சில வங்கிகள் இந்தக் கட்டணத்தை உடனே பிடிக்காமல், கணக்கில் பணம் வரும்போது பல நாள் கழித்துப் பிடிக்கும். அப்போது இந்தத் தேதி ஒன்றுதான் துப்பு.

கட்டண வரி எதைப் பார்த்தாலும் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 1.18 ஆல் வகுங்கள். வங்கிக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு என்பதால் முழு எண் ஒன்று வெளியே வரும். 295 என்றால் 250. 118 என்றால் 100. 590 என்றால் 500. அந்த முழு எண்ணை வங்கியின் கட்டணப் பட்டியலில் தேடினால் எதற்குப் பிடித்தார்கள் என்று தெரிந்துவிடும். வரியில் வெறும் `CHGS` என்று போட்டிருந்தாலும் இந்த வழி உதவும். அப்படி மொட்டையாகப் போடக் கூடாது என்பது வேறு விஷயம். கட்டணம் பிடித்தால் அது என்ன கட்டணம், செக் என்றால் அதன் எண், யாருக்குப் போனது என்றெல்லாம் பாஸ்புக்கிலும் ஸ்டேட்மென்ட்டிலும் பதிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூனில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ‘இந்த வரிக்கு விவரம் கொடுங்கள்’ என்று கவுண்டரில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி செக் திரும்பிய கதை. 6ஆம் தேதி `CHQ RTN 004512`, 18,500 பற்று. அதே நம்பர், அதே தொகை, எதிர்ப் பக்கம். முந்தின நாள் எழுதிய எழுத்தை அழித்துவிட்டார்கள், அவ்வளவுதான். தங்கை அதைத் தனி வரியாகப் படித்துவிட்டு ‘யாரோ என் கணக்கிலிருந்து 18,500 எடுத்துட்டாங்க’ என்று பதறினாள். செக் நம்பரை ஒப்பிட்டிருந்தால் அந்தப் பதற்றம் வந்திருக்காது.

சில ஸ்டேட்மென்ட்களில் `I/W RTN`, `O/W RTN` என்று வரும். இன்வேர்ட், அவுட்வேர்ட். உள்ளே, வெளியே என்பது வங்கி நிற்கும் இடத்திலிருந்து சொல்வது. நாம் போட்ட செக்கை வங்கி வெளியே அனுப்புகிறது, அது அவுட்வேர்ட். நாம் கொடுத்த செக் வெளியிலிருந்து நம் வங்கிக்கு வருகிறது, அது இன்வேர்ட். இதோடு ‘ரிட்டர்ன்’ சேரும்போதுதான் வம்பு. திரும்பி உள்ளே வந்ததால் ‘இன்வேர்ட் ரிட்டர்ன்’ என்று எழுதுபவர்களும் உண்டு, அவுட்வேர்டில் போனது திரும்பியதால் ‘அவுட்வேர்ட் ரிட்டர்ன்’ என்பவர்களும் உண்டு. சீட்டில் உட்கார்ந்த எங்களுக்கே புதுக் கிளைக்கு மாறினால் இரண்டு நாள் தடுமாறும். அந்த எழுத்தை விட்டுவிட்டுப் பணம் நகர்ந்த வரிசையைப் பாருங்கள். முதலில் வரவு, பிறகு அதே தொகை பற்று என்றால் நாம் போட்ட செக் திரும்பியிருக்கிறது. முதலில் பற்று, பிறகு அதே தொகை வரவு என்றால், அல்லது தொகையே இல்லாமல் கட்டணம் மட்டும் என்றால், நாம் கொடுத்த செக் திரும்பியிருக்கிறது. இரண்டாவதுதான் அவசரம். செக்கை வாங்கியவர் போன் செய்வதற்கு முன்னால் நாம் செய்துவிட வேண்டும்.

ஏன் திரும்பியது என்பதை ஸ்டேட்மென்ட் வரி முழுசாகச் சொல்லாது. அதற்கு ரிட்டர்ன் மெமோ என்று ஒரு துண்டுக் காகிதம் உண்டு. திரும்பிய செக்கோடு சேர்த்து வங்கி தரும். அதில் காரணத்துக்கு எண் இருக்கும். 01 என்றால் பணம் போதவில்லை. 12 என்றால் கையெழுத்து ஒத்துப்போகவில்லை. 20 என்றால் செக் கொடுத்தவரே நிறுத்தச் சொல்லியிருக்கிறார். தங்கைக்கு வந்தது 01. அவள் மெமோவை வாங்காமலே விட்டிருந்தாள். “அந்தத் துண்டுச் சீட்டு எதுக்கு அக்கா?” என்றாள். மறுநாளே போய் வாங்கச் சொன்னேன்.

எதற்கு என்றால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவுக்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் அடிப்படை. செக் பணமில்லாமல் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் கடைக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அவர் அதை வாங்கியபிறகு பணம் கொடுக்க 15 நாள். கொடுக்கவில்லை என்றால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஆனால் முதல் தடவை திரும்பியதுமே நோட்டீஸ் என்று ஓட வேண்டியதில்லை. செக் தேதியிலிருந்து 3 மாதம்வரை அதே செக்கைத் திரும்பப் போடலாம். இரண்டாவது முறை திரும்பினாலும் அதை வைத்து வழக்குப் போட முடியும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வருஷக்கணக்காகச் சரக்கு எடுக்கும் கடை. தங்கை போன் செய்து கேட்டாள். “திங்கக்கிழமை போடும்மா, இருக்கும்” என்றார் அவர். 12ஆம் தேதி போட்டாள். கடைசி வரியைப் பாருங்கள், அதே 004512. மூன்றாவது முறை வந்தது, இந்தத் தடவை எதிர் வரி எதுவும் வரவில்லை. மறுநாள் மாலைவரை பார்த்துவிட்டுத்தான் நோட்டில் பாக்கியை அடிக்கச் சொன்னேன்.

அந்த 118 ரூபாய் செக் ரிட்டர்ன் கட்டணம் இவளுடைய தப்பு இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். பணம் இல்லாமல் செக் கொடுத்தது கடைக்காரர். ஆனாலும் அந்தச் செக்கை நம்பிப் போட்டவரிடமும் வங்கி ஒரு தொகை வாங்கத்தான் செய்கிறது. எனக்கு அது இன்றுவரை உறுத்தல்தான். ஆனால் ஒரு இடத்தில் சண்டை போடலாம். மெமோவில் படம் தெளிவாக இல்லை என்பது மாதிரி, நம் கையில் இல்லாத காரணம் இருந்தால் கட்டணம் பிடிக்கக் கூடாது. வாடிக்கையாளர் தவறால் திரும்பினால் மட்டுமே கட்டணம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படித் திரும்பிய செக்கை 24 மணி நேரத்துக்குள் அடுத்த கிளியரிங்கில் வங்கியே திரும்பப் போட்டு, நமக்கு எஸ்.எம்.எஸ். தகவலும் தர வேண்டும். மெமோவையும் கட்டண வரியையும் சேர்த்துக் காட்டினால் திருப்பிப் போட்டுவிடுவார்கள்.

இன்னொரு தொகை இந்த ஸ்டேட்மென்ட்டில் இல்லவே இல்லை. டியூ திரும்பியதற்காக லோன் கம்பெனி தன் பக்கம் போட்ட 590. அது லோன் கணக்கு ஸ்டேட்மென்ட்டில்தான் இருக்கும். அடுத்த மாதம் தனி `ACH D`-ஆக வரும்போது ‘இரண்டு முறை டியூ பிடிச்சிட்டாங்க’ என்று தோன்றும். 118, 295, 590 மூன்றும் சேர்ந்து 1,003 ரூபாய். 2,000 ரூபாய் ஆர்.டி. தவணை ஒரு வாரம் தள்ளியிருந்தால் அபராதம் சில ரூபாய்தான் ஆகியிருக்கும்.

அதனால் தங்கையைச் செய்யச் சொன்ன முதல் வேலை, ஆர்.டி. உத்தரவின் தேதியை 5இலிருந்து 10க்கு மாற்றுவது. கவுண்டரில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாள், பத்து நிமிஷ வேலை. பத்தாம் தேதி பணம் குறைந்தால் திரும்பப்போவது அவளுடைய சொந்தச் சேமிப்புதான், லோன் டியூ இல்லை.

2025 அக்டோபர் 4 முதல் செக் கிளியரிங் முறையே மாறியிருக்கிறது. ஸ்கேன் செய்யும் செக்குகள் மொத்தமாகச் சேர்க்காமல் உடனுக்குடன் போய்க்கொண்டே இருக்கின்றன. எதிர் வங்கி அன்றே இரவு 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சரி என்றே கணக்கு. அதனால் வரவும் அதன் எதிர் வரியும் இரண்டு தேதியில் வருவது குறைந்து, ஒரே தேதியில் அடுத்தடுத்து வருவதுதான் இனி அதிகம். நாம் கொடுத்த செக்குக்கும் இதே வேகம்தான். ‘இன்னைக்குச் செக் கொடுத்தா நாளைக்குத்தானே வரும், அதுக்குள்ள பணம் போட்டுடலாம்’ என்று தங்கை முன்பு செய்துவந்தாளே, அதற்கு இப்போது அவகாசம் கிடையாது. பணத்தைப் போட்டுவிட்டுத்தான் செக்கில் தேதி எழுதுகிறாள். போன தீபாவளிக்கு முந்தின வாரம் போன் செய்தாள். “அக்கா, ஒரே நாள்ல `BY CLG`, `CHQ RTN` ரெண்டும். நம்பர் பாத்தேன், திருச்சிக் கடைதான். மெமோ வாங்கிட்டேன்.” காரணம் 12. கடைக்காரர் அவசரத்தில் கையெழுத்தை மாற்றிப் போட்டிருக்கிறார். புதுச் செக் கேட்டு வாங்கிக்கொள் என்றேன்.